கையைப் பிடித்து இழுத்தீர்களா? திடீரென்று கையைத் தூக்க மறுக்கும் குழந்தை... பெற்றோர் கவனத்துக்கு!

ஆனித் திருமஞ்சன நேரத்தில் கடலூர், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சிதம்பரம் பஸ் உள்ளே நுழைந்ததும் கூட்டம் முண்டியடிக்கும். ஒரு தோளில் பை, இன்னொரு கையில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை என்று நிற்கும் இளம் தாயை எடுத்துக்கொள்வோம். படி உயரம். குழந்தையால் ஏற முடியாது. இடம் பிடிக்கும் அவசரத்தில், பிடித்திருந்த இடது கையாலேயே குழந்தையை மேலே தூக்கிவிடுகிறார். குழந்தை 'ஆ' என்று ஒருமுறை கத்தி அழுகிறது. ஜன்னலோரம் உட்கார வைத்ததும் ஐந்து நிமிடத்தில் அழுகை அடங்கிவிடுகிறது.

புதுச்சத்திரம் தாண்டும்போது பாட்டி பிஸ்கட்டை நீட்டுகிறார். குழந்தை வலது கையால் வாங்கிக்கொள்கிறது. இடது கை தொடையோடு ஒட்டியபடி, லேசாக மடங்கி, அசையாமல் கிடக்கிறது.

"இந்தக் கையால வாங்கிக்கோடா கண்ணு..."

"வேணாம். கை வலிக்குது."

"எங்கடா வலிக்குது?"

குழந்தை மணிக்கட்டைக் காட்டுகிறது. அம்மா மணிக்கட்டைத் தடவிப் பார்க்கிறார். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் கையைத் திருப்பிப் பார்க்க முயன்றதும் வீறிட்டு அழுகிறது.

"பஸ்ல ஏத்தறப்ப கையப் புடிச்சு இழுத்தியாம்மா? சுளுக்கிக்கிச்சு போலருக்கு. இறங்கினதும் தெரிஞ்சவங்ககிட்ட நீவி விட்டுடலாம்" என்கிறார் பாட்டி.

"இல்ல அத்தை, லேசாத்தான் தூக்கினேன்..." என்று தொடங்கும் அந்தத் தாயின் குரல் பாதியிலேயே உடைந்துவிடுகிறது.

ஊரும் பஸ்ஸும் மாறலாம். ஆனால் ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் வீடுகளில் இந்தக் கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. உலகமெங்கும் குழந்தைகள் அவசரப் பிரிவுகளில் டாக்டர்கள் வழக்கமாகப் பார்க்கும் பிரச்னைதான் இது. ஆங்கிலத்தில் 'புல்டு எல்போ', அதாவது 'இழுபட்ட முழங்கை' என்பார்கள். 'நர்ஸ்மெய்ட்ஸ் எல்போ' என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தக் காலத்தில் பணக்கார வீட்டுக் குழந்தைகளைக் கையைப் பிடித்து இழுத்துப்போன ஆயாக்களின் தலையில் பழியைப் போட்டு வைத்த பெயர் அது. பழி சுமத்தும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது!

உள்ளே என்ன நடக்கிறது?

குழந்தை மணிக்கட்டைக் காட்டினாலும், பிரச்னை இருப்பது முழங்கை மூட்டில். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. அதன் மேல் நுனி சிறிய வட்டத் தட்டுபோல இருக்கும். அந்தத் தட்டுக்குச் சற்றுக் கீழே, கழுத்துப் பகுதியை ஒரு நார்ப்பட்டை மோதிரம்போலச் சுற்றிப் பிடித்திருக்கிறது. நாம் உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பும்போது, அந்த மோதிரத்துக்குள்தான் ஆரை எலும்பு சுழல்கிறது.

சிறு குழந்தைகளுக்கு இந்தப் பட்டை எலும்போடு ஒட்டியிருக்கும் பிடிப்பு மெல்லியது. கை நேராக நீண்டு, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்போது யாராவது வெடுக்கென்று இழுத்தால், எலும்பு ஒரு நொடி கீழே இறங்குகிறது. பட்டையின் ஒரு பகுதி தட்டின் விளிம்பைத் தாண்டி மேலே வழுக்கி, மூட்டின் இடைவெளிக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது. கதவிடுக்கில் துணியின் ஓரம் மாட்டிக்கொள்வதுபோல. எலும்பு உடைவதில்லை, முழங்கை மூட்டு மொத்தமாகக் கழன்றுபோவதும் இல்லை. அதனால்தான் வெளியே வீக்கமோ கன்றிப்போன தடமோ தெரிவதில்லை.

கையை அசைக்காமல் வைத்திருந்தால் பெரிய வலி இல்லை. திருப்பினால்தான் சிக்கிய பட்டை நசுங்கி வலிக்கிறது. இதைக் குழந்தை சில நிமிடங்களில் தானாகவே கற்றுக்கொள்கிறது. கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை உடம்பின் பக்கமோ பின்பக்கமோ திருப்பி வைத்துக்கொள்கிறது. அழாமல் விளையாடும், சிரிக்கும், ஆனால் அந்தக் கையை மட்டும் பயன்படுத்தாது. பிரான்ஸைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சசான்யாக் 1856-ல் இதைப் பற்றி எழுதியபோது, 'குழந்தைகளின் வலிமிகுந்த வாதம்' என்றே குறிப்பிட்டார். பார்ப்பதற்குக் கை செயலிழந்ததுபோலத்தான் இருக்கும். ஆனால் அது வாதம் அல்ல. வலிக்குப் பயந்து குழந்தை கையைச் சும்மா வைத்திருக்கிறது. விரல்களை அசைக்கச் சொன்னால் அசைக்கும்.

வயது ஏற ஏற அந்தப் பட்டை தடித்து, பிடிப்பு உறுதியாகிவிடும். அதனால் ஐந்து வயதுக்குப் பிறகு இது அபூர்வம். பெண் குழந்தைகளுக்கும், இடது கையிலும் சற்று அதிகமாக வருகிறது. வலது கைப் பழக்கம் உள்ள பெரியவர் தன் வலது கையால் குழந்தையின் இடது கையைப் பிடித்து நடப்பது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இழுத்தால் மட்டும்தானா?

பஸ் படியில் ஒரு கையால் தூக்குவது ஒரு வழி. தேரோட்டத்தின்போது கீழ வீதிக் கூட்டத்தில் குழந்தை ஒரு பக்கம் ஓட, அப்பா மறுபக்கம் வெடுக்கென்று இழுப்பது இன்னொரு வழி. சில்வர் பீச்சில் அலை வரும்போது அம்மா ஒரு கையையும் அப்பா ஒரு கையையும் பிடித்து, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று குழந்தையை ஊஞ்சலாட்டுவதும் அப்படித்தான். இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றுவது, இறுக்கமான சட்டைக் கைக்குள்ளிருந்து கையைப் பிடித்து இழுப்பது, அடம்பிடித்துத் தரையில் உட்காரும் குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்குவது என எல்லாவற்றிலும் இதே இழுப்பு இருக்கிறது.

இழுத்தவர் பலத்தைக் காட்டியிருக்கத் தேவையில்லை. பல நேரம் குழந்தைதான் எதிர்ப்பக்கம் சாய்ந்து, தன் எடையாலேயே இழுப்பை உண்டாக்குகிறது. கைக்குழந்தை புரண்டு படுக்கும்போது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டும் இது வரலாம். எனவே 'யாரும் இழுக்கவே இல்லையே' என்று சொல்லும் பெற்றோர் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

நீவி விடுவதில் என்ன ஆபத்து?

இனி அந்தப் பாட்டியின் யோசனைக்கு வருவோம். நம் வீடுகளில் இந்த நேரத்தில் இரண்டு சொற்கள் வரும். 'சுளுக்கு' ஒன்று, கைக்குழந்தையாக இருந்தால் 'உரம் விழுந்திருக்கு' என்பது இன்னொன்று. முதலாவதற்கு எண்ணெய் போட்டு நீவுவார்கள். இரண்டாவதற்குச் சேலையிலோ வேட்டியிலோ போட்டு உருட்டுவார்கள்.

சுளுக்கு எடுப்பவர் கையைத் திருப்பியதும் குழந்தை 'சரியாகிவிட்டது' என்ற அனுபவம் பல குடும்பங்களுக்கு உண்டு. அது பொய் அல்ல. முன்கையைத் திருப்பி மடக்கும் அசைவிலேயே, சிக்கிய பட்டை பழைய இடத்துக்குப் போய்விடக்கூடும். எக்ஸ்ரே எடுப்பதற்காக டெக்னீஷியன் குழந்தையின் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி வைக்கும்போதே 'க்ளிக்' என்று சரியாகி, குழந்தை சிரித்துக்கொண்டே வெளியே வருவதும் உண்டு.

பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. கையைத் தூக்க மறுக்கும் எல்லாக் குழந்தைக்கும் பட்டை சிக்கியிருக்காது. சிலருக்கு எலும்பு முறிந்திருக்கும். கையை ஊன்றி விழும் குழந்தைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே, மேற்கை எலும்பின் கீழ்முனையில் முறிவு ஏற்படுவது சகஜம். அந்த இடத்தை ஒட்டியே கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. முறிந்த எலும்பை நீவித் திருப்பினால், அதன் கூர்முனை அவற்றைக் குத்தலாம். மேலே இறுக்கிக் கட்டும் போட்டுவிட்டால், உள்ளே வீங்க இடமில்லாமல் ரத்த ஓட்டம் நின்று, முன்கைத் தசைகள் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். பிழைத்த பிறகும் விரல்கள் மடங்கியபடியே சுருங்கிப்போகும். வோக்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் 1881-ல் விவரித்த இந்த நிரந்தர ஊனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஆக, நீவினால் சரியாகக்கூடியது ஒன்று. நீவினால் கை ஊனமாகக்கூடியது இன்னொன்று. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்து வீட்டில் பிரித்தறிவது கடினம். டாக்டரிடம் போகச் சொல்வது அதற்காகத்தான்.

எது சாதாரணம், எது அவசரம்?

மூன்று விஷயங்கள் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இழுபட்ட முழங்கைதான். வயது ஐந்துக்குள் இருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்தோ தூக்கியோ இருக்க வேண்டும். வீக்கமோ தடமோ இல்லாமல் குழந்தை கையைத் தொங்கவிட்டபடி மற்றபடி அமைதியாக இருக்க வேண்டும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டினால் போதும். நள்ளிரவில் பதறி ஓடத் தேவையில்லை. ஆனால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று நாள் கணக்கில் தள்ளவும் கூடாது.

குழந்தை உயரத்திலிருந்து விழுந்திருந்தால் கதை வேறு. முழங்கை வீங்கியிருந்தாலோ, கை கோணலாகத் தெரிந்தாலோ, கையை அசைக்காதபோதும் அழுகை நிற்காவிட்டாலோ எலும்பு முறிவு என்றே நினைத்துச் செயல்பட வேண்டும். விரல்கள் வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 108-ஐ அழைக்கலாம். முறிவு என்று சந்தேகம் இருந்தால், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் வழியில் பாலோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள்.

காய்ச்சலோடு சேர்ந்து கையை அசைக்க மறுத்தால் அதுவும் அவசரம்தான். மூட்டுக்குள் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கலாம். அதற்கு இழுத்ததோ விழுந்ததோ காரணமாக இருக்காது. அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் மூட்டே அரித்துப்போகும்.

டாக்டர் என்ன செய்வார்?

சிதம்பரத்தில் இறங்கிய அந்தத் தாய், பாட்டியைச் சமாதானம் செய்து, அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா என்ற பழைய பெயரிலேயே பலரும் சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடலூரிலேயே தெரிந்திருந்தால் அங்குள்ள அரசு தலைமை மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். குழந்தைகள் நல மருத்துவரோ எலும்பு மருத்துவரோ, யாராக இருந்தாலும் இதைப் பார்ப்பார்கள்.

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன நடந்தது?" இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. பக்கத்தில் மாமியார் நிற்கிறார், கணவர் முறைக்கிறார் என்ற பயத்தில், "தெரியல டாக்டர், விளையாடிட்டிருந்தா" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு பதில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். இழுத்தது தெரிந்தால், பெரும்பாலும் எக்ஸ்ரே இல்லாமலே டாக்டர் சிகிச்சையைத் தொடங்குவார். தெரியாவிட்டால் முறிவைத் தேட வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். "பஸ்ல ஏத்தறப்ப இந்தக் கையால தூக்கினேன்" என்ற ஒரு வரிதான் அங்கே பாதி வைத்தியம். எப்படி அடிபட்டது என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பதும் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. கதையும் காயமும் பொருந்துகிறதா என்று பார்ப்பது எந்தக் குழந்தைக்கும் செய்யும் சோதனைதான்.

அம்மா மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும். டாக்டர் முதலில் நல்ல கையைத் தொடுவார். பிறகு வலிக்கும் கையில் கழுத்தெலும்பிலிருந்து தொடங்கி மேற்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று மெதுவாக அழுத்திப் பார்ப்பார். முழங்கையைக் கடைசியாகத்தான் தொடுவார். வேறெங்கும் வலி இல்லை, வீக்கம் இல்லை என்று தெரிந்ததும், ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, கட்டைவிரலை ஆரை எலும்பின் தலைமேல் வைப்பார். இன்னொரு கையால் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கை கீழ்நோக்கும் திசையில் முன்கையை இன்னும் நன்றாகத் திருப்புவார். கட்டைவிரலுக்கு அடியில் சின்னதாக ஒரு 'க்ளிக்' தெரியும். குழந்தை ஒரு கணம் அலறும். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஊசியோ மயக்க மருந்தோ தேவைப்படுவதில்லை.

நீண்ட காலமாக வழக்கத்தில் இருந்தது வேறு முறை. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, முழங்கையை முழுதாக மடக்குவது அது. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான காக்ரேன் மதிப்பீட்டில், பழைய முறை முதல் முயற்சியில் 100 குழந்தைகளில் சுமார் 26 பேருக்குப் பலிக்கவில்லை. கீழ்நோக்கித் திருப்பும் முறையில் அது சுமார் 9 பேர்தான். ஒன்று பலிக்காவிட்டால் டாக்டர் மற்றதை முயல்வார்.

படிக்கும்போது 'இவ்வளவுதானா, நாமே செய்துவிடலாமே' என்று தோன்றலாம். திருப்புவது சுலபம்தான். முறிவு இல்லை என்று உறுதி செய்வதுதான் டாக்டரின் உண்மையான வேலை. அது தெரியாமல் முதல் முறை வீட்டில் யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது.

சாக்லேட் சோதனை

'க்ளிக்' கேட்டதும் குழந்தை கையைத் தூக்கிவிடாது. அதற்கு இன்னும் பழைய வலியின் பயம் இருக்கும். டாக்டர் அறையை விட்டு நகர்ந்துகொள்வார். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, நல்ல கையை அம்மா மெல்லப் பிடித்துக்கொண்டு, வலித்த கையின் பக்கம் தலைக்குமேல் ஒரு சாக்லேட்டையோ சாவிக்கொத்தையோ ஆட்டிக் காட்டினால், குழந்தை தன்னை மறந்து அந்தக் கையை நீட்டிப் பிடுங்கும். எக்ஸ்ரேயைவிட நம்பகமான சான்று அதுதான்.

அரை மணி நேரமாகியும் கையைத் தூக்கவில்லை என்றால் டாக்டர் மறுபடி முயல்வார். அப்படியும் சரியாகாவிட்டால் எக்ஸ்ரே எடுப்பார். நடந்து பல மணி நேரம் கழித்து வந்த குழந்தைக்கு, மூட்டு சரியான பிறகும் பழைய நிலைக்கு வர ஒரு நாள்கூட ஆகலாம். உடனடியாக வந்தவர்களுக்கு மாவுக்கட்டும் தேவையில்லை, தொட்டிலும் தேவையில்லை. அன்று மாலையே குழந்தை விளையாடும். பிற்காலத்தில் கை வளர்ச்சியிலோ பலத்திலோ எந்தக் குறையும் வராது.

டாக்டரிடம் போகும்வரை கையைக் குழந்தை எப்படி வைத்திருக்கிறதோ அப்படியே விட்டுவிடலாம். வலி அதிகமானால் பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான கணக்கு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம் பொருத்தமான அளவு. பாட்டிலில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று இருந்தால் 3 மில்லி. 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்று இருந்தால் 6 மில்லி. இரண்டு வகையும் கடைகளில் கிடைப்பதால், லேபிளைப் படிக்காமல் மூடிக் கணக்கில் ஊற்றாதீர்கள்.

மறுபடி வருமா?

வரலாம். ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு மறுபடியும் வருகிறது. முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் தேவை. அடிக்கடி வரும் குழந்தைகளுக்கு, என்ன செய்வது என்று பெற்றோருக்கே டாக்டர் நேரில் சொல்லிக் கொடுப்பதும் உண்டு.

தவிர்ப்பதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும். குழந்தையைத் தூக்கும்போது கையைப் பிடிக்காமல், இரண்டு அக்குளுக்கும் கீழே பிடித்துத் தூக்குங்கள். கூட்டத்தில் நடக்கும்போது விரல்களையோ மணிக்கட்டையோ பிடித்து இழுப்பதற்குப் பதில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்டை மாட்டும்போது குழந்தையின் கையை இழுக்காமல், சட்டைக் கைக்குள் உங்கள் விரலை விட்டு, துணியை இழுங்கள். இதைத் தாத்தா, பாட்டி, சித்தி, அங்கன்வாடி ஆயா என்று குழந்தையைத் தூக்கும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அந்தத் தாய்க்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. திரும்பும் வழியில் குழந்தை இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்து வரும். பாட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அவ சின்னப் புள்ளையா இருந்தப்ப அவங்க அப்பனுக்கும் ஒருதடவை இப்படித்தான் ஆச்சு. நான்தான் கிணத்தடியில கையப் புடிச்சுத் தூக்கினேன்" என்று சொல்லக்கூடும். 'அவ இல்ல அத்தை, அவரு' என்று மருமகள் திருத்துவதற்குள், அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டிய நேரம் வந்திருக்கும். இந்த முறை குழந்தை படியிலிருந்து இறங்குவது, அக்குளுக்குக் கீழே இரண்டு கைகளின் பிடியில்.